அட்டவணையில் இல்லாத அடிப்புள்ளி

தமிழ்நாட்டின் பத்தாம் வகுப்புக் கணிதத் தேர்வில் வரைபடக் கேள்விக்கு 8 மதிப்பெண். இருபடிச் சமன்பாடு ஒன்றைக் கொடுத்துப் பரவளையம் வரையச் சொல்வார்கள். அதிலிருந்தே விடையைப் படித்தெடுக்க வேண்டும். பயிற்சி செய்தால் கைக்கு வந்துவிடும் கேள்விதான். ஆனால் சில சமன்பாடுகளில் அட்டவணை சரியாக இருக்கும், புள்ளிகளும் சரியாக இருக்கும், வளைகோடு மட்டும் தவறிப்போகும். y = x² − 3x − 1 அப்படிப்பட்ட ஒன்று.

முதல் வேலை அட்டவணை. x-க்கு −2 முதல் 5 வரை மதிப்புகளை எடுத்துக்கொண்டு x², −3x, −1 என்று வரிசை வரிசையாக எழுதி, ஒவ்வொரு பத்தியையும் கூட்டினால் y கிடைத்துவிடும்.

| x | −2 | −1 | 0 | 1 | 2 | 3 | 4 | 5 |
|---|---|---|---|---|---|---|---|---|
| y | 9 | 3 | −1 | −3 | −3 | −1 | 3 | 9 |

பிழை பெரும்பாலும் இடது ஓரத்தில்தான் நுழைகிறது. x = −1 எனும்போது −3x என்பது +3. அவசரத்தில் அதை −3 என்று எழுதிவிட்டால் y-க்கு 3 வர வேண்டிய இடத்தில் −3 வந்து உட்கார்ந்துகொள்ளும். வரைந்து முடித்து, வளைகோடு கோணலாக நிற்பதைப் பார்த்த பிறகு தவறைத் தேடுவதைவிட, அட்டவணையிலேயே பிடித்துவிடலாம்.

அதற்கு எளிய வழி ஒன்று உண்டு. அடுத்தடுத்த y மதிப்புகளுக்கு இடையே உள்ள வித்தியாசத்தை எழுதிப் பார்க்க வேண்டும். 9-லிருந்து 3-க்கு −6, 3-லிருந்து −1-க்கு −4. இப்படியே போனால் −6, −4, −2, 0, 2, 4, 6 என்று வரும். ஒவ்வொரு படியிலும் சரியாக 2 கூடுகிறது. x ஒவ்வொன்றாக ஏறும்போது, x² என்று தொடங்கும் எந்தக் கோவைக்கும் இந்த ஏற்றம் 2 தான். நடுவில் தவறான −3 இருந்திருந்தால் வித்தியாசங்கள் −12, 2, −2 என்று தாறுமாறாகத் தொடங்கி, எந்தப் பத்தியில் கோளாறு என்பதைக் காட்டிக்கொடுத்திருக்கும்.

அடுத்தது அளவுத்திட்டம். x அச்சில் 2 செ.மீ. = 1 அலகு, y அச்சில் 1 செ.மீ. = 1 அலகு என்று வைத்துக்கொண்டால் படம் அகலத்தில் 14 செ.மீ., உயரத்தில் சுமார் 13 செ.மீ. பிடிக்கும். x அச்சுக்கு இரண்டு மடங்கு இடம் கொடுப்பதற்குக் காரணம் இருக்கிறது. மூலங்களைப் படிக்கப்போவது அந்த அச்சில்தான். அங்கே வரைபடத்தாளின் ஒரு மி.மீ. இப்போது 0.05 அலகு.

எட்டுப் புள்ளிகளையும் குறித்தாயிற்று. இனி அவற்றை இணைக்க வேண்டும். சிக்கல் அடிவாரத்தில் இருக்கிறது. (1, −3), (2, −3) இரண்டும் ஒரே மட்டத்தில் நிற்கின்றன. அளவுகோலை வைத்து அவற்றைக் குறுக்காக இணைத்துவிடும் பழக்கம் பலரிடம் உண்டு. பரவளையம் அப்போது தட்டையான அடிப்பாகம் கொண்ட வாளியாக மாறிவிடும். பரவளையத்தில் எந்தத் துண்டும் நேர்கோடு அல்ல. அந்த இரு புள்ளிகளுக்கும் நடுவே வளைகோடு இன்னும் கீழே இறங்கித்தான் திரும்புகிறது. எவ்வளவு கீழே என்பது அட்டவணையில் இல்லை.

அட்டவணையில் இல்லாவிட்டாலும் அதற்கான துப்பு அங்கேயே இருக்கிறது. y வரிசையில் −3-க்கு ஜோடி −3, −1-க்கு −1, 3-க்கு 3, 9-க்கு 9. ஜோடியாக நிற்கும் x மதிப்புகளின் நடுப்புள்ளியைக் கண்டுபிடித்தால் 1-க்கும் 2-க்கும் நடுவில் 1.5, 0-க்கும் 3-க்கும் நடுவில் 1.5, −2-க்கும் 5-க்கும் நடுவிலும் அதே 1.5. அதுதான் சமச்சீர் அச்சு. திரும்பும் புள்ளி அந்தக் கோட்டின் மேல்தான் இருந்தாக வேண்டும். x = 1.5 என்பதை ஒன்பதாவது பத்தியாகச் சேர்த்துக் கணக்கிட்டால் 2.25 − 4.5 − 1 = −3.25. வரைபடத்தாளில் −3 என்ற மட்டத்துக்கு இரண்டரை மி.மீ. கீழே அந்தப் புள்ளி விழுகிறது. அதன் வழியாகக் கையை எடுக்காமல் வளைத்தால் அடிப்பாகம் தானாக உருண்டு வரும்.

திரும்பும் புள்ளியைக் கண்ணால் பார்த்தே சொல்லிவிடக் கூடாதா? அதன் ஆழத்தைச் சொல்லலாம். இடத்தைச் சொல்வது கடினம். x = 1.4 ஆனாலும் 1.6 ஆனாலும் y = −3.24. அடிப்புள்ளியிலிருந்து வித்தியாசம் 0.01 அலகு, அதாவது தாளில் ஒரு மி.மீ.-இல் பத்தில் ஒரு பங்கு. பென்சில் கோட்டின் தடிமனே அதைவிட அதிகம். ஆக, அடிவாரத்தில் 4 மி.மீ. நீளத்துக்கு வளைகோடு மட்டமாகவே தெரியும். அதில் எது நடு என்று கண் சொல்லாது. அந்த வேலையைச் சமச்சீர் ஜோடிகளிடம் விட்டுவிட வேண்டும்.

மூலங்களின் கதை நேர் எதிர். வளைகோடு x அச்சை வெட்டும் இடங்களில் y = 0 என்பதால், அங்குள்ள x மதிப்புகளே x² − 3x − 1 = 0 என்ற சமன்பாட்டின் தீர்வுகள். ஆதிப்புள்ளிக்கு இடப்புறம் 6 மி.மீ. தள்ளி ஒரு வெட்டு, 3-க்கு வலப்புறம் 6 மி.மீ. தள்ளி இன்னொன்று. படித்தால் −0.3, 3.3. இங்கே வளைகோடு அச்சைச் செங்குத்தாகவே கடப்பதுபோல் வேகமாக ஏறி இறங்குவதால், கோடு அரை மி.மீ. மேலோ கீழோ தவறினாலும் மூலம் 0.02 அளவுக்குக்கூட மாறாது. சூத்திரத்தில் போட்டுப் பார்த்தால் 3.3028, −0.3028 என்று வருகிறது; ஒரு தசம இடத்துக்குத் தாள் சொன்னது சரி.

சூத்திரம் இல்லாமலும் சரிபார்க்கலாம். இரண்டு மூலங்களும் 1.5-லிருந்து சம தூரத்தில் இருக்க வேண்டும்: ஒரு பக்கம் 1.8, மறு பக்கமும் 1.8. ஒரு பக்கம் 1.7 என்றும் மறுபக்கம் 1.9 என்றும் வந்தால் எங்கேயோ ஒரு புள்ளி இடம் மாறிக் குறிக்கப்பட்டிருக்கிறது என்று பொருள். 3.3-ஐச் சமன்பாட்டில் இட்டால் 10.89 − 9.9 − 1 = −0.01. பூச்சியத்துக்கு மிக அருகில், ஆனால் இன்னும் அச்சுக்குக் கீழே. ஆகவே உண்மையான மூலம் 3.3-ஐ விடச் சற்றே பெரிது என்பதும் தெரிந்துவிடுகிறது.

தேர்வில் சில நேரம் கேள்வி இங்கே நிற்பதில்லை. இதே வளைகோட்டைக் கொண்டு x² − 4x + 1 = 0 என்பதைத் தீர்க்கச் சொல்வார்கள். புதிய பரவளையம் தேவையில்லை. y = x² − 3x − 1 என்பதிலிருந்து 0 = x² − 4x + 1 என்பதைக் கழித்தால் y = x − 2 என்ற நேர்கோடு மிஞ்சும். (0, −2), (2, 0) வழியாக அதை நீட்டினால் வளைகோட்டை இரண்டு இடங்களில் வெட்டும். அங்கே x ஏறத்தாழ 0.27, 3.73. இந்த முறை விடையை x அச்சில் தேடக் கூடாது; வெட்டும் புள்ளிகளிலிருந்து x அச்சுக்குச் செங்குத்துக் கோடு போட்டுப் படிக்க வேண்டும்.

தாளைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்ல முடியாத இடமும் உண்டு. y = x² − 6x + 9 வளைகோடு அச்சை வெட்டுவதில்லை, x = 3-இல் தொட்டுவிட்டுத் திரும்புகிறது. x = 2.8 ஆனாலும் 3.2 ஆனாலும் y = 0.04 மட்டுமே, அதாவது அரை மி.மீ.கூட இல்லை. பென்சில் சற்று மேலே போனால் மூலமே இல்லை என்று தோன்றும், சற்று கீழே இறங்கினால் இரண்டு மூலங்கள் இருப்பதாகத் தோன்றும். இங்கே அட்டவணைக்குத் திரும்புவதுதான் வழி. x = 1 முதல் 5 வரை y மதிப்புகள் 4, 1, 0, 1, 4. நடுவில் ஜோடியில்லாமல் நிற்கும் அந்த 0 தான் அடிப்புள்ளி; ஆகவே இரண்டு மூலங்களும் சமம், இரண்டும் 3.