மானிட்டரை அணைத்தால் விண்டோக்கள் ஏன் இடம் மாறுகின்றன?

இரண்டு மானிட்டர் வைத்து வேலை செய்கிறவர்களுக்கு இது பழகிப்போன எரிச்சல். சாப்பிடப் போகும்போது கரண்ட் வீணாகக் கூடாதே என்று பட்டனை அமுக்கி மானிட்டரை அணைத்துவிட்டுப் போகிறோம். வந்து போட்டால், இடது பக்கம் பார்த்துப் பார்த்து அடுக்கி வைத்த எக்செல், பிரவுசர், மெயில் எல்லாம் வலது மானிட்டரில் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கின்றன. கிராஃபிக்ஸ் கார்டு போய்விட்டதோ என்று பயப்படுகிறவர்களும் உண்டு. எதுவும் போகவில்லை. நாம் மானிட்டரை அணைத்தோம். கம்ப்யூட்டரோ, கேபிளையே யாரோ பிடுங்கிவிட்டார்கள் என்று எடுத்துக்கொண்டது.

மானிட்டர் கேபிளில் படத்தைக் கொண்டுபோகும் கம்பிகளோடு 'ஹாட் பிளக் டிடெக்ட்' என்று தனியாக ஒரு கம்பியும் ஓடுகிறது. மறுமுனையில் மானிட்டர் இருக்கிறதா என்பதைக் கம்ப்யூட்டர் அதில் உள்ள மின்னழுத்தத்தை வைத்துத்தான் தெரிந்துகொள்கிறது. டிவிஐ, எச்டிஎம்ஐ இணைப்புகளில் கம்ப்யூட்டரே 5 வோல்ட் அனுப்புகிறது. பல மானிட்டர்கள் அதையே அந்தக் கம்பியில் திருப்பிவிடுகின்றன. அதனால் மானிட்டர் அணைந்திருந்தாலும் 'இருக்கிறேன்' என்ற பதில் போய்க்கொண்டே இருக்கும். டிஸ்பிளேபோர்ட்டில் மானிட்டர் தன் சொந்த மின்சாரத்தில்தான் பதில் சொல்ல வேண்டும். பட்டனை அமுக்கியதும் பல மானிட்டர்களில் அந்தப் பதில் நின்றுவிடுகிறது. 2 மில்லிவினாடிக்கு மேல் பதில் நின்றாலே இணைப்பு அறுந்ததாக எடுத்துக்கொள்ளலாம் என்பது டிஸ்பிளேபோர்ட்டின் கணக்கு.

அதன்பிறகு நடப்பதை ஒரு மேசையில் வைத்துப் பார்ப்போம். வலது பக்கம் 1920×1080 மானிட்டர், அதுதான் முதன்மைத் திரை. இடது பக்கம் டிஸ்பிளேபோர்ட்டில் இணைத்த 2560×1440 மானிட்டர். முதன்மைத் திரையின் மேல் இடது மூலையைத்தான் விண்டோஸ் பூஜ்யமாக வைத்து அளக்கிறது. அதனால் இடது மானிட்டரின் பரப்பு முழுவதும் மைனஸ் எண்களில் வரும். அங்கே திறந்திருக்கும் எக்செல்லின் இடம் மைனஸ் 2000 என்று வைத்துக்கொள்வோம். இடது மானிட்டரை அணைத்ததும் மைனஸ் பக்கத்தில் திரையே கிடையாது. எக்செல் அங்கேயே இருந்தால் யார் கண்ணுக்கும் படாது, மவுஸும் எட்டாது. எனவே விண்டோஸ் அதை மிச்சமிருக்கும் திரைக்கு இழுத்து வருகிறது. இது சரியான முடிவுதான். கேபிளை உண்மையாகவே கழற்றியிருந்தால் நாமும் இதைத்தான் எதிர்பார்ப்போம்.

ஒரே ஒரு மானிட்டர் வைத்திருப்பவர்களுக்கு வேறு மாதிரி ஆகிறது. இருந்த ஒரு திரையும் போனதும், விண்டோஸ் இல்லாத ஒரு திரையை இருப்பதாகக் கற்பனை செய்துகொள்கிறது. அதன் அளவு பெரும்பாலும் 1024×768 போலச் சிறியது. 4கே மானிட்டரில் தாராளமாக விரித்திருந்த விண்டோவும் அந்த அளவுக்குள் அடங்க வேண்டும். மானிட்டரைத் திரும்பப் போட்டால் திரை பழைய அளவுக்கு வந்துவிடும். குறுகிய விண்டோ குறுகியபடியே மூலையில் நிற்கும். காரணம், முன்பு எவ்வளவு பெரிதாக இருந்தது என்பதை யாரும் குறித்து வைக்கவில்லை.

குறித்து வைக்கும் வேலையை மைக்ரோசாஃப்ட் 2021-இல் வந்த விண்டோஸ் 11-இல் சேர்த்தது. Settings, System, Display என்று போய் Multiple displays பகுதியைத் திறந்தால் "Remember window locations based on monitor connection" என்று இருக்கும். அதில் டிக் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், அதே மானிட்டர் திரும்பி வரும்போது விண்டோக்களும் பழைய இடத்துக்குப் போக வேண்டும். ஆனாலும், தன் இடத்தைத் தானே தீர்மானித்துக்கொள்ளும் சில புரோகிராம்கள் இதற்குக் கட்டுப்படுவதில்லை.

உங்கள் பிரச்சினை இதுதானா என்று தெரிந்துகொள்ள, அதே Display பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரு மானிட்டரை பட்டனில் அணையுங்கள். படத்தில் அதன் கட்டம் மறைந்துபோனால் சந்தேகமே வேண்டாம். கட்டம் அப்படியே இருந்தால் காரணத்தை வேறு இடத்தில் தேட வேண்டும்.

விண்டோஸ் 10 வைத்திருப்பவர்களுக்கு எளிய வழி, பட்டனைத் தொடாமல் இருப்பதுதான். விண்டோஸ் பட்டனோடு L அமுக்கிப் பூட்டிவிட்டுப் போனால் சற்று நேரத்தில் திரை தானே அணையும். அந்த உறக்கத்திலும் பல மானிட்டர்கள் பதில் சொல்வதை நிறுத்துவதில்லை. நிறுத்துகிற மானிட்டராக இருந்தால் அதன் மெனுவில் Deep Sleep போன்ற பெயரில் ஒரு வசதி இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அதை அணைத்துவிடலாம். மெனுவில் அப்படி எதுவும் இல்லையென்றால் எச்டிஎம்ஐ கேபிளுக்கு மாறிப் பார்க்கலாம். ஆனால் எச்டிஎம்ஐயிலும் சில மானிட்டர்கள் இணைப்பைத் துண்டிக்கின்றன. அதோடு, பழைய எச்டிஎம்ஐ போர்ட்டில் 4கே படம் வினாடிக்கு 30 முறைதான் புதுப்பிக்கப்படும். மவுஸை நகர்த்தும்போதே அந்தத் தடுமாற்றம் கண்ணில் படும். அதனால் கேபிள் வாங்கும் முன் மானிட்டரிலும் கம்ப்யூட்டரிலும் இருப்பது எச்டிஎம்ஐ 2.0 அல்லது அதற்குப் பிந்தையதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.