டிடி தொலைந்தால் பணமும் போச்சா?

மகளின் கல்லூரிக் கட்டணத்துக்காக ஒருவர் 35,000 ரூபாய்க்கு டிடி எடுத்து ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். பத்து நாளாகியும் கவர் கல்லூரிக்குப் போய்ச் சேரவில்லை. கணக்கிலிருந்து பணம் போய்விட்டது; கல்லூரிக்கும் வரவில்லை. அப்படியானால் அந்தப் பணம் எங்கே இருக்கிறது?

வங்கியில்தான். டிடி எடுத்த அன்றே உங்கள் கணக்கிலிருந்து கழிந்த தொகையை, கொடுத்து முடிக்க வேண்டிய பாக்கியாக வங்கி தன் ஏட்டில் எழுதி வைத்திருக்கும். அந்தத் தாள் வங்கிக்குத் திரும்பி வரும்வரை அது அங்கேயே கிடக்கும், தானாக உங்கள் கணக்குக்குத் திரும்பாது. இதை அறியாமல், 'கேன்சல் ஆகித் தானே வந்துவிடும்' என்று மாதக்கணக்கில் காத்திருப்பவர்கள் உண்டு.

கவரைக் கண்டெடுத்தவர் பணத்தை எடுத்துவிடுவாரோ என்ற பயம் முதலில் வரும். 20,000 ரூபாயும் அதற்கு மேலும் உள்ள டிடிகள் 'அக்கவுண்ட் பேயீ' என்று கோடிடப்பட்டே வர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. ஆகவே நம்மவரின் டிடி கல்லூரியின் பெயரிலுள்ள கணக்கில்தான் வரவாகும். சிறு தொகை டிடிக்கு இந்தக் கட்டாயம் இல்லாததால் அதில்தான் கூடுதல் கவனம் வேண்டும்.

அடுத்து அவர் டிடி எடுத்த கிளைக்குப் போக வேண்டும். டிடி எண், தேதி, தொகை, யார் பெயருக்கு என்ற விவரங்களோடு ஒரு கடிதம் கொடுத்தால், அது இன்னும் பணமாகவில்லையா என்று கிளையில் பார்ப்பார்கள். கல்லூரி ஏற்கெனவே பணமாக்கியிருந்தால் கதை அங்கேயே முடிந்தது. பணமாகவில்லை என்றால் டிடி தொலைந்ததாகக் குறித்துக்கொண்டு இண்டெம்னிட்டி பாண்ட் கேட்பார்கள். 'தொலைந்த டிடி பின்னால் எப்படியாவது வந்து வங்கிக்கு நட்டம் ஏற்பட்டால் நான் ஈடு செய்கிறேன்' என்று ஸ்டாம்ப் பேப்பரில் எழுதிக் கையெழுத்திடும் உறுதிமொழி அது. தொகை பெரிதென்றால் சில வங்கிகள் ஜாமீன்தாரரையும் கேட்கும்; டிடி கிடைக்கவில்லை என்று கல்லூரியிடம் கடிதம் வாங்கி வரச் சொல்வதும் உண்டு. எத்தனை ரூபாய் ஸ்டாம்ப் பேப்பர், என்ன வாசகம் என்று கிளையிலேயே கேட்டு, அவர்களுடைய படிவத்தை வாங்கிக்கொள்வது நல்லது. வெளியில் தட்டச்சு செய்து கொண்டுபோனதைத் திருப்பி அனுப்பினால் ஸ்டாம்ப் பேப்பர் செலவு வீண்.

பாண்ட் கொடுத்தபின் இரண்டு வழி உண்டு. கட்டணத்துக்குக் கடைசி நாள் நெருங்கிவிட்டால் கல்லூரிக்கு ஆன்லைனில் கட்டிவிட்டு, டிடி தொகையைக் கணக்கில் திருப்பி வரவு வைக்கச் சொல்லலாம். கல்லூரி டிடிதான் வேண்டும் என்றால் டூப்ளிகேட் கேட்கலாம். டிடி எடுத்தவரோ பெறுபவரோ கேட்டால் விண்ணப்பம் கிடைத்த இரண்டு வாரத்துக்குள் டூப்ளிகேட் கொடுக்க வேண்டும். தாமதித்தால் அந்த நாட்களுக்கு வைப்புநிதி வீதத்தில் வட்டி தர வேண்டும் என்கிறது ரிசர்வ் வங்கி. பெரிய தொகையாக நினைத்துவிடாதீர்கள். வட்டி 3 சதவீதம் என்று வைத்தால், 35,000 ரூபாய்க்குப் பத்து நாள் தாமதத்துக்கு 28 ரூபாய் சொச்சம். ஆனாலும் கடிதத்தின் நகலில் தேதியோடு கிளை முத்திரை வாங்கி வையுங்கள். புகார் கொடுத்து 30 நாளில் பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் ஆம்புட்ஸ்மேனிடம் cms.rbi.org.in தளத்தில் முறையிட அந்த முத்திரைதான் ஆதாரம்.

கவர் முகவரி தவறி மூன்று மாதம் கழித்துத் திரும்பி வந்தால் கதை வேறு. 2012 ஏப்ரல் 1 முதல் டிடியின் ஆயுள், அதில் உள்ள தேதியிலிருந்து மூன்று மாதம்தான். அதன்பின் கல்லூரி அதைத் தன் வங்கியில் போட்டால் திரும்பி வந்துவிடும். ஆனால் அசல் கையில் இருப்பதால் பாண்ட் எதுவும் வேண்டாம். அதை எடுத்தவரே கிளைக்குக் கொண்டுபோய், தேதியைப் புதுப்பிக்கவோ கேன்சல் செய்யவோ எழுதிக் கொடுக்கலாம். 2018 செப்டம்பர் 15 முதல் டிடியின் முகப்பிலேயே எடுத்தவரின் பெயர் அச்சாகிறது. மைத்துனர் கணக்கிலிருந்து எடுத்திருந்தால் மைத்துனர்தான் வர வேண்டும். பணமும் அவர் கணக்குக்கே போகும்.

செலவு? டிடி எடுத்தபோது கொடுத்த கமிஷன் திரும்பாது. கேன்சல் செய்வதற்கும் டூப்ளிகேட்டுக்கும் கட்டணம் வங்கிக்கு வங்கி வேறுபடும். அது 100 ரூபாய் என்றால் 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்து 118 ரூபாய். தொலைந்த டிடி என்றால் ஸ்டாம்ப் பேப்பர் செலவு தனி. 500 ரூபாய் டிடிக்கு இந்த அலைச்சல் தேவையா என்பதை நீங்களே முடிவு செய்யலாம்.

பீரோவில் பழைய டிடி ஏதாவது கிடந்தால் கிழித்துப் போடாதீர்கள். பத்து வருடம் கேட்பாரற்றுக் கிடந்த தொகையை வங்கி ரிசர்வ் வங்கியின் நிதி ஒன்றுக்கு மாற்றிவிடும். அதன் பிறகும், டிடி கொடுத்த வங்கியிலேயே போய்க் கேட்டு வாங்கலாம்.