விளம்பரம் வெளியிடுமுன் மூன்று பார்வை

பேஸ்புக்கில் விற்பனை விளம்பரம் போடுமுன் நான் மூன்று விடயங்களைத் தனித்தனியாகப் பார்ப்பேன்.

முதலாவது தொலைபேசி இலக்கம். பூச்சியத்துடன் 10 இலக்கங்கள். +94 போட்டால் பூச்சியம் நீங்கி 9. எண்ணிக்கை சரியாக இருந்தாலும் இரண்டு இலக்கங்கள் இடம் மாறியிருக்கலாம். ஆகவே மனப்பாடத்தில் அல்ல, விளம்பரத்தைப் பார்த்தே அழுத்துங்கள். நமது கடைத் தொலைபேசி ஒலிக்க வேண்டும்.

அடுத்தது திகதி. கலண்டரில் கிழமையுடன் ஒப்பிடுங்கள். '2026 மார்ச் 14, வெள்ளி' என்றிருந்தால் பிழை, அன்று சனி. எது பிழையென ஊகிக்காமல், விற்பனை நாளை முடிவு செய்தவரிடம் கேட்டே திருத்துங்கள்.

கடைசியாக எழுத்து. 'அரை விலை' என்பது 'அறை விலை' ஆனால் கணினி காட்டாது. இரண்டும் சரியான சொற்களே. உரக்க வாசித்தாலும் காதுக்குப் பிடிபடாது. விளம்பரத்தை எழுதாத ஒருவர், ர, ற வரும் சொற்களில் விரல் வைத்துப் பார்க்கட்டும்.

ஏதும் திருத்தினால் மூன்றையும் மீண்டும் பாருங்கள். திருத்தும்போதும் இலக்கம் அழியும்.