மூச்சு முட்டினால் குனிந்தது போதும்

யோகா வகுப்பில் சேரும்போது முதலில் காதில் விழும் மூன்று சொற்கள் ஆசனம், பிராணாயாமம், தியானம். பல வகுப்புகளில் இவற்றுக்குத் தனித்தனி நேரம் ஒதுக்கியிருப்பார்கள். அதைப் பார்த்து, இவை ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத மூன்று பயிற்சிகள் என்று புதியவர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். பதஞ்சலி சொன்ன எட்டு அங்கங்களில் ஆசனம் மூன்றாவது, பிராணாயாமம் நான்காவது, தியானம் ஏழாவது. திருமூலரும் திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரத்தில் இந்த எட்டையும் பாடியிருக்கிறார். இந்த வரிசைக்குக் காரணம் உண்டு. உடல் அடங்கினால்தான் மூச்சு சீராகும், மூச்சு சீரானால்தான் மனம் ஓரிடத்தில் நிற்கும்.

பதஞ்சலி எந்த ஆசனத்தின் பெயரையும் சொல்லவில்லை. அசையாமலும் சுகமாகவும் இருக்க முடிகிற நிலையே ஆசனம் என்பதுதான் அவர் தரும் இலக்கணம். இதில் ‘சுகம்’ என்பதைத்தான் வகுப்பில் முதலில் மறந்துவிடுகிறோம்.

பச்சிமோத்தாசனத்தை எடுத்துக்கொள்வோம். கால்களை நீட்டி உட்கார்ந்து முன்னால் குனிய வேண்டும். பல வருடங்கள் நாற்காலியில் உட்கார்ந்தே வேலை பார்த்த 45 வயதுக்காரருக்குத் தொடையின் பின்பக்கத் தசை இறுகியிருக்கும். அந்தத் தசை இடுப்பெலும்பின் அடியில் பற்றியிருப்பதால், இடுப்பை முன்னால் சாய விடாது. அவரோ பக்கத்து விரிப்பில் இருப்பவரைப் பார்த்துக் கால் கட்டைவிரலைத் தொட்டே தீருவது என்று முனைகிறார். இடுப்பு அசையாததால் முதுகு வில்லாக வளைகிறது. பாரமெல்லாம் கீழ்முதுகில் இறங்குகிறது. மறுநாள் காலையில் அங்கே பிடித்துக்கொள்கிறது.

அவர் செய்ய வேண்டியது இதுதான். போர்வையை மடித்து அதன் விளிம்பில் உட்கார வேண்டும். முழங்கால்களைக் கொஞ்சம் மடக்கிக்கொள்ளலாம். விரலை விட்டுவிட்டுக் கெண்டைக்காலைப் பிடித்துக்கொண்டு, முதுகை நீட்டியபடியே இடுப்பிலிருந்து சாய வேண்டும். எந்த இடத்தில் மூச்சு முட்டுகிறதோ, பல்லைக் கடிக்கத் தோன்றுகிறதோ, அதற்கு ஓர் அங்குலம் முன்பே நின்று ஐந்து மூச்சு இருந்தால் போதும். அந்த இடம்தான் இன்றைக்கு அவருடைய ஆசனம். தொடையின் நடுவில் இழுப்பது இயல்பு. மூட்டில் சுருக்கென்று குத்தினாலோ, காலில் மின்சாரம் பாய்வதுபோல வலி இறங்கினாலோ உடனே நிறுத்த வேண்டும்.

இப்படி அடங்கிய உடலோடு நிமிர்ந்து உட்கார்ந்தால் பிராணாயாமம் தொடங்கலாம். உள்ளே இழுப்பது பூரகம், நிறுத்துவது கும்பகம், வெளியே விடுவது இரேசகம். திருமந்திரம் இவற்றுக்கு 16, 64, 32 என்று மாத்திரைக் கணக்குச் சொல்கிறது. அது பழகித் தேர்ந்தவர்களுக்கு உரியது. புதியவருக்குக் கும்பகமே வேண்டாம். மனதுக்குள் 4 எண்ணி இழுத்து, 6 எண்ணி விட்டால் போதும். வெளிமூச்சின்போது இதயத்துடிப்பு இயல்பாகவே தணியும் என்பதால்தான் அதை நீட்டச் சொல்கிறார்கள். அளவு மீறிவிட்டதை அடுத்த மூச்சே காட்டிக்கொடுக்கும். அதை ‘ஹா’ என்று அள்ளி இழுக்க நேர்ந்தால், எண்ணிக்கையை 3, 4 என்று குறைத்துக்கொள்ள வேண்டும். தலை சுற்றினால் எண்ணுவதை விட்டுவிட்டு இயல்பாக மூச்சு விடலாம். வயிற்றை உதறி வேகமாக மூச்சை வெளியேற்றும் கபாலபாதியையும் பலர் பிராணாயாமம் என்றே சொல்கிறார்கள். ஹடயோகப் பிரதீபிகை அதை உடலைச் சுத்தம் செய்யும் ஆறு கிரியைகளில் ஒன்றாக வைத்திருக்கிறது. முதல் வாரத்திலேயே அதைச் செய்ய அவசரப்பட வேண்டியதில்லை.

கடைசியில் கண்ணை மூடி உட்காரும் சில நிமிடங்கள். மூச்சு நாசி நுனியில் படுவதைக் கவனிக்கச் சொல்வார்கள். மூன்றாவது மூச்சிலேயே மனம் வீட்டுக் கடனுக்குப் போய்விடும். போனது தெரிந்ததும் திரும்பக் கொண்டுவருகிறீர்கள் அல்லவா, அதற்குத் தாரணை என்று பெயர். எட்டு அங்கங்களில் அது ஆறாவது. அந்தக் கவனம் அறுபடாமல் ஒரே ஒழுக்காக ஓடும்போதுதான் அது தியானம். ஆகவே “எனக்குத் தியானமே வரவில்லை” என்று வகுப்பை விட்டு நிற்பவர்கள், உண்மையில் அதற்கு முந்தைய படியைச் சரியாகவே செய்துகொண்டிருந்தவர்கள். அவர்கள் நின்றுவிடுவதுதான் எனக்கு வருத்தமாக இருக்கிறது. கால் மரத்துப்போனால் சம்மணமிட்டே ஆக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. பாதம் தரையில் படும்படி நாற்காலியில் நிமிர்ந்து உட்காரலாம்.

சேரும் நாளிலேயே ரத்த அழுத்தம், கண்ணில் நீர் அழுத்தம், குடலிறக்கம், கர்ப்பம், பழைய அறுவை சிகிச்சை எதுவாக இருந்தாலும் ஆசிரியரிடம் சொல்லிவிடுங்கள். தலைகீழ் ஆசனங்களும் மூச்சை அடக்குவதும் இவர்களில் பலருக்கு ஆகாது. குனிந்திருக்கும்போது யாராவது பின்னாலிருந்து முதுகை அழுத்த வந்தால், வேண்டாம் என்று தயங்காமல் சொல்லுங்கள்.