வீட்டு எண் தெரிந்தும் விடை தெரியாதவர்

மக்கள்தொகைக் கணக்கெடுக்க வந்தவர் ஒரு வீட்டுக் கதவைத் தட்டுகிறார். வீட்டு அம்மாள் தனக்கு மூன்று பெண்கள் என்கிறார்.

"வயது சொல்லுங்கள், எழுதிக்கொள்கிறேன்."

"மூவரின் வயதையும் பெருக்கினால் 36."

"அது போதாதே, அம்மா."

"கூட்டினால் எங்கள் வீட்டு எண் வரும்."

வந்தவர் கதவில் இருந்த எண்ணைப் பார்த்தார், தாளின் ஓரத்தில் ஏதோ கணக்குப் போட்டார், தலையைச் சொறிந்தார். "இன்னும் தெரியவில்லை" என்றார்.

"மூத்தவள் பியானோ வாசிப்பாள்."

"நன்றி, தெரிந்துவிட்டது" என்று மூன்று வயதுகளையும் எழுதிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார்.

ஆங்கிலப் புதிர் நூல்களில் பல வேடங்களில் வரும் கதை இது. முதல்முறை கேட்பவர்கள் பெரும்பாலும் கோபப்படுவார்கள். வீட்டு எண் என்னவென்று நமக்குச் சொல்லவே இல்லை. பியானோவுக்கும் வயதுக்கும் என்ன சம்பந்தம்? ஆனாலும் விடை உண்டு, அதுவும் ஒரே ஒரு விடை.

முதலில் அந்த மனிதர் தாளின் ஓரத்தில் போட்ட கணக்கை நாமும் போட்டுவிடலாம். மூன்று முழு எண்களைப் பெருக்கினால் 36 வர வேண்டும். கடைக்குட்டியின் வயதிலிருந்து தொடங்கினால் எதுவும் விட்டுப்போகாது. அவளுக்கு 4 வயது என்றால் மற்ற இருவருக்கும் குறைந்தது நான்காவது ஆகியிருக்க வேண்டும். நான்கை மூன்று முறை பெருக்கினாலே 64 ஆகிவிடும். எனவே கடைக்குட்டிக்கு 1, 2 அல்லது 3 வயதுதான்.

1 என்றால் மற்ற இருவர் வயதின் பெருக்கல் 36. ஐந்து வழிகள் கிடைக்கின்றன: 1, 1, 36, 1, 2, 18, 1, 3, 12, 1, 4, 9, 1, 6, 6. கடைக்குட்டிக்கு 2 என்றால் இரண்டு வழிகள்: 2, 2, 9, 2, 3, 6. அவளுக்கு 3 என்றால் 3, 3, 4 மட்டும். ஆக மொத்தம் எட்டு. இவற்றை அதே வரிசையில் கூட்டினால் 38, 21, 16, 14, 13, 13, 11, 10 என்று வருகிறது.

புதிரின் உயிர் இந்த வரிசையில்தான் இருக்கிறது. கதவில் 14 என்று எழுதியிருந்தால் வந்தவர் 1, 4, 9 என்று அங்கேயே எழுதியிருப்பார். 21 என்றாலும், 10 என்றாலும் அப்படியே. ஆனால் அவர் எண்ணைப் பார்த்த பிறகும் திகைத்தார். எட்டு வழிகளில் இரண்டுதான் ஒரே கூட்டுத்தொகை தருகின்றன: 1, 6, 6 ஒன்று, 2, 2, 9 இன்னொன்று. அவர் திகைத்ததால்தான் அந்த வீட்டின் எண் 13 என்று வாசலில் நிற்காத நமக்கும் தெரிகிறது. அவர் வாயிலிருந்து வந்த "தெரியவில்லை" என்ற சொல்தான் நமக்குக் கிடைத்த உண்மையான குறிப்பு.

கடைசிக் குறிப்பில் பியானோவை மறந்துவிடலாம். கிரிக்கெட் ஆடுவாள் என்றிருந்தாலும் விடை மாறாது. வேலை செய்வது "மூத்தவள்" என்ற ஒரு சொல். 1, 6, 6 என்றால் மேலே இருவர் ஒரே வயதில் நிற்கிறார்கள். தனியாக ஒரு மூத்தவள் இருப்பது 2, 2, 9 என்ற வழியில்தான். பெரியவளுக்கு 9, சின்னவர்கள் இருவருக்கும் 2.

இங்கே ஒரு வழக்கும் உண்டு, அது நியாயமான வழக்குதான். இரட்டையரிலும் ஒருத்தி முன்னால் பிறந்தவள் அல்லவா? தமிழ் வீடுகளில் இந்த வாதம் இன்னும் வலுவாகவே எழும். அக்காவுக்கும் தங்கைக்கும் பொதுவாகச் சொல்லிக் கூப்பிட நம்மிடம் சொல் இல்லை. பத்து நிமிடம் முந்திப் பிறந்தாலும் அவள் அக்காதான். இரட்டையராகவே இருக்க வேண்டும் என்பதும் இல்லை. ஒரு பெண் 2018 ஜனவரி 10 அன்றும் அவள் தங்கை அதே ஆண்டு டிசம்பர் 20 அன்றும் பிறந்திருந்தால், 2024 டிசம்பர் 20 முதல் 2025 ஜனவரி 9 வரை இருவருக்கும் வயது 6. அந்த மூன்று வாரத்தில் கணக்கெடுக்க வந்தவருக்கு இந்தப் புதிர் வேலை செய்யாது. ஆகவே "மூத்தவள்" என்பதை "வயதில் முழு ஆண்டுக் கணக்கில் தனியாக முன்னால் நிற்பவள்" என்று எடுத்துக்கொள்ளும் ஒப்பந்தத்தோடுதான் விளையாட வேண்டும். கைக்குழந்தையும் கூடாது. இந்திய மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வயதை நிறைந்த ஆண்டுகளில்தான் குறிப்பார்கள், ஒரு வயது நிறையாத குழந்தைக்கு 0. அப்படி ஒரு குழந்தை இருந்தால் பெருக்கலும் பூஜ்யமாகிவிடும்.

இதைப் பார்த்துவிட்டுச் சொந்தமாக ஒரு புதிர் செய்ய முயல்பவர்கள் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. ஏதோ ஓர் எண்ணை எடுத்துப் பெருக்கலாக வைத்துவிடுவார்கள். 24 அல்லது 30 என்று வைத்தால் எல்லாக் கூட்டுத்தொகைகளும் வெவ்வேறாக இருக்கும், வந்தவர் திகைக்கவே வழியில்லை. இரண்டு வழிகள் ஒரே கூட்டுத்தொகையில் மோதும் மிகச் சிறிய எண்ணே 36தான். அதற்கடுத்து 40ஐ எடுத்தால் மோதல் இருக்கிறது: 1, 5, 8 கூட்டினாலும் 14, 2, 2, 10 கூட்டினாலும் 14. ஆனால் இரண்டிலும் தனியான மூத்தவள் ஒருத்தி இருப்பதால் பியானோ உதவாது. "கடைக்குட்டி எங்கள் செல்லம்" என்று அம்மாவைச் சொல்ல வைத்தால் 1, 5, 8 என்று தீர்ந்துவிடும். 72 நன்றாக வேலை செய்யும்: 2, 6, 6 என்பதும் 3, 3, 8 என்பதும் 14இல் மோதுகின்றன, மூத்தவள் வந்ததும் 3, 3, 8 நிற்கிறது.

'லைஃப்' விளையாட்டால் உலகப் புகழ்பெற்ற பிரிட்டிஷ் கணிதவியலர் ஜான் கான்வே (1937–2020) இதே திகைப்பை ஒரு பேருந்தில் ஏற்றினார். இரண்டு மந்திரவாதிகள் பேசிக்கொண்டு போகிறார்கள். ஒருவர் சொல்கிறார்: "என் பிள்ளைகளின் வயதைக் கூட்டினால் இந்தப் பேருந்தின் எண், பெருக்கினால் என் வயது." மற்றவர் கேட்கிறார்: "உம் வயதையும் பிள்ளைகள் எத்தனை பேர் என்பதையும் சொன்னால் அவர்கள் வயதைக் கண்டுபிடித்துவிடுவேனா?" "முடியாது." "அப்படியென்றால் உம் வயது எனக்குத் தெரிந்துவிட்டது!" பேருந்தின் எண் என்ன என்பதுதான் கேள்வி.

விடை 12. 2, 2, 2, 6 என்றாலும் 1, 3, 4, 4 என்றாலும் நால்வர் வயதின் கூட்டல் 12, பெருக்கல் 48. எனவே மந்திரவாதிக்கு 48 வயது. 12க்குக் குறைந்த எண் என்றால் "முடியாது" என்று சொல்ல இடமே இருக்காது. ஏன் 13 இல்லை? அந்த நால்வரோடு ஒரு வயதுப் பிள்ளையைச் சேர்த்தால் கூட்டல் 13 ஆகும், பெருக்கல் 48ஆகவே நிற்கும். ஆனால் 13இல் நம் பழைய 1, 6, 6 என்பதும் 2, 2, 9 என்பதும் 36 வயதோடு குறுக்கே வந்துவிடும். மந்திரவாதிக்கு 36ஆ 48ஆ என்று நண்பரால் சொல்லியிருக்க முடியாது.