இறுக்கிப் பிடிக்காத இரும்பு

நியூயார்க் துறைமுகத்தில் நிற்கும் சுதந்திர தேவி சிலையின் செம்புத் தகடு 2.4 மில்லிமீட்டர் கனம்தான். ஒரு ரூபாய் நாணயம் இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தால்கூட அதைவிடச் சற்றுத் தடிமனாக இருக்கும். பாதம் முதல் தீப்பந்தத்தின் நுனி வரை 46 மீட்டர் உயரத்துக்கு வெளியே தெரிவதெல்லாம் இந்தத் தகடுதான். உள்ளே வெற்றிடம். 1886 அக்டோபரில் திறந்துவைக்கப்பட்ட நாளிலிருந்து கடற்காற்று அதன்மேல் மோதிக்கொண்டே இருக்கிறது.

அந்தக் காற்றின் பலத்தைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். இந்தத் தகட்டில் ஒரு சதுர மீட்டரை வெட்டித் தராசில் வைத்தால் 21 கிலோ சொச்சம் இருக்கும். மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் வரும் காற்று அதே ஒரு சதுர மீட்டரை ஏறக்குறைய 31 கிலோ பளுவுக்குச் சமமான விசையுடன் தள்ளும். தன் எடையைவிடக் காற்றின் தள்ளல்தான் இந்தத் தகட்டுக்குப் பெரிய பாரம். வேகம் இரட்டித்தால் தள்ளல் இரட்டிப்பதோடு நிற்பதில்லை, நான்கு மடங்காகிறது. 160 கிலோமீட்டர் வேகப் புயலில் ஒவ்வொரு சதுர மீட்டரும் 120 கிலோவுக்கு மேல் தாங்க வேண்டும். இன்னொரு சங்கடமும் உண்டு. காற்று மோதும் பக்கத்தில் தகடு உள்ளே அமுக்கப்படும்போது, எதிர்ப்பக்கத்தில் காற்றழுத்தம் குறைந்து தகடு வெளியே உறிஞ்சி இழுக்கப்படும். ஆகவே பின்னாலிருந்து முட்டுக்கொடுத்தால் மட்டும் போதாது. தகட்டை இரு பக்கமும் போகவிடாமல் பிடிக்கவும் வேண்டும்.

இத்தனை பெரிய சிலையைத் தகட்டால் செய்யலாம் என்பதற்குச் சிற்பி பார்த்தோல்தியின் முன்னால் ஒரு முன்மாதிரி இருந்தது. இத்தாலியில் அரோனா என்ற ஊரில் 1698-இல் முடிக்கப்பட்ட புனித சார்லஸ் பொரோமியோவின் சிலை அது. உடல் மட்டும் 23 மீட்டருக்கு மேல் உயரம். உள்ளே கல்லால் கட்டிய தூண் நிற்க, அதைச் சுற்றிச் செம்புத் தகடு போர்த்தியிருக்கிறது. ஆனால் அதைப்போல இரு மடங்கு உயரத்துக்குக் கல்தூண் எழுப்பினால் கனம் தாங்காது. பார்த்தோல்தியின் முதல் ஆலோசகரான வியொலே-லெ-துக் என்ற கட்டடக் கலைஞர் வேறொரு வழி சொன்னார். இடுப்பு வரை உள்ளே அறை அறையாகத் தடுத்து மணலை நிரப்ப வேண்டும். எங்காவது பழுது பார்க்க நேர்ந்தால் அந்த அறையின் மணலை மட்டும் திறந்துவிட்டுக்கொள்ளலாம். எடையைக் கூட்டிக் காற்றை எதிர்ப்பது பழங்காலத்திலிருந்து வரும் யோசனை. ஆனால் மணல் எடையைத் தருவதோடு, நாள் முழுக்கத் தகட்டை உள்ளிருந்து வெளியே நெருக்கவும் செய்யும். அவர் 1879-இல் காலமானார். வேலை கஸ்தாவ் ஈஃபெலிடம் வந்தது.

ஈஃபெல் அப்போது ரயில் பாலங்கள் கட்டுவதில் பேர் பெற்றவர். ஆழமான பள்ளத்தாக்குகளின் குறுக்கே, காற்று வழிந்தோடும்படி இடைவெளி விட்டு, இரும்புச் சட்டங்களைப் பின்னி உயர்ந்த தூண்களை எழுப்புவார். அவருடைய அலுவலகத்தின் பொறியாளர் மொரிஸ் கெக்லின் இந்தச் சிலைக்கான கணக்குகளைப் போட்டார். பின்னாளில் ஈஃபெல் கோபுரத்தின் முதல் வரைபடத்தைப் போட்டவரும் இவரே. ஒரு ரயில் பாலத்தின் தூணை எடுத்து நட்டு, அதன்மேல் ஒரு பெண்ணுருவத்தைத் தொங்கவிட்டதுபோல் இருக்கிறது இவர்கள் கண்ட தீர்வு.

நடுவில் நான்கு கால்கள் உள்ள தேனிரும்புக் கோபுரம் நிற்கிறது. கால்களுக்கு இடையே குறுக்குச் சட்டங்கள் பெருக்கல் குறியாகப் பின்னியிருக்கின்றன. பக்கவாட்டில் தள்ளும்போது சதுரம் சாய்ந்துவிடும், முக்கோணம் சாயாது. அதனால்தான் அந்தப் பின்னல். கோபுரத்தின் அடி வெறுமனே பீடத்தின்மேல் உட்காரவில்லை. பீடத்தின் சுவருக்குள் இரண்டு மட்டங்களில் பெரிய உத்திரங்கள் பதிக்கப்பட்டிருக்கின்றன. ஒன்று பீடத்தின் உச்சிக்கருகில், இன்னொன்று பல மீட்டர் கீழே. இரண்டையும் இரும்பால் இணைத்து, கோபுரத்தை அவற்றோடு பிணைத்திருக்கிறார்கள். காற்று சிலையைச் சாய்க்கப் பார்க்கும்போது ஒரு பக்கக் கால்கள் அழுந்தும், மறுபக்கக் கால்கள் மேலே எழப் பார்க்கும். எழப் பார்க்கும் காலைக் கீழே உள்ள உத்திரம் பிடித்துக்கொள்கிறது. அந்த உத்திரத்தின்மேல் பீடத்தின் கல்லும் கான்கிரீட்டும் ஏறி நிற்கின்றன. சிலையை விழவைக்க வேண்டுமானால் 27 மீட்டர் உயரப் பீடத்தையும் சேர்த்துப் புரட்ட வேண்டும்.

கோபுரம் நேரான கோடுகளால் ஆனது. சிலையின் அங்கியோ மடிப்பும் நெளிவுமாக ஓடுகிறது. இரண்டுக்கும் இடையே கோபுரத்திலிருந்து கிளை பிரியும் இலகுவான இரண்டாம் சட்டகம் ஒன்று உண்டு. அது தகட்டின் அருகே வந்தாலும் தகட்டைத் தொடுவதில்லை. அங்கிருந்து தட்டையான இரும்புப் பட்டைகள் தகட்டை நோக்கி நீள்கின்றன. லாரியின் அடியில் இருக்கும் வில்பட்டையைப் போல இவை வளைந்து கொடுத்துத் திரும்பும். இந்தப் பட்டைகளின் நுனியில்தான் கடைசி அடுக்கு வருகிறது. ஐந்து சென்டிமீட்டர் அகலமும் ஒன்றரைச் சென்டிமீட்டருக்குச் சற்று மேல் கனமும் உள்ள இரும்புப் பட்டைகள், தகட்டின் உட்புற நெளிவு ஒவ்வொன்றுக்கும் பொருந்தும்படி வளைக்கப்பட்டு, வலைபோல் உள்முழுவதும் ஓடுகின்றன.

இப்படிச் செய்ததால் மேல் தகட்டின் பாரம் கீழ்த் தகட்டில் இறங்குவதில்லை. ஒவ்வொரு தகடும் தன் எடையைத் தன் பின்னால் உள்ள பட்டையிடம் கொடுத்துவிடுகிறது. பிற்காலத்துக் கண்ணாடி மாடிக் கட்டடங்களில் வெளிச்சுவர் பாரம் தாங்காமல் உள்ளே இருக்கும் சட்டகத்தில் தொங்குகிறதே, அதே முறைதான்.

தகடும் பட்டையும் சேரும் இடத்தைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும். சிலையின் முழு சாமர்த்தியமும் அங்கேதான் இருக்கிறது என்பது என் எண்ணம். பட்டையைத் தகட்டோடு ஆணி அடித்து முடுக்கியிருக்கலாம். ஈஃபெல் அப்படிச் செய்யவில்லை. பட்டையைச் சுற்றி வளைத்த செம்புப் பட்டி ஒன்று உண்டு. சேணம் என்று அதற்குப் பெயர். சேணத்தின் இரு முனைகளும் செம்புத் தகட்டோடு ரிவெட் அடிக்கப்பட்டிருக்கும். பட்டை அதன் நடுவே நுழைந்து போகும், அவ்வளவுதான். இரும்பில் ஒரு ஆணிகூட இறங்கவில்லை. தகடு உள்ளே அமுங்கினால் பட்டை தடுக்கும், வெளியே இழுபட்டால் சேணம் தடுக்கும். ஆனால் நீளவாக்கில் தகடு பட்டையின்மேல் வழுக்கி நகரலாம்.

ஏன் நகர வேண்டும்? வெயில்தான் காரணம். செம்பு இரும்பைவிட அதிகமாக விரியும். குளிருக்கும் வெயிலுக்கும் இடையே 40 டிகிரி செல்சியஸ் வித்தியாசம் என்று வைத்துக்கொள்வோம். 46 மீட்டர் உயரத்துக்குச் செம்பு 31 மில்லிமீட்டர் நீளும், இரும்பு 22 மில்லிமீட்டர் நீளும். ஒன்பது மில்லிமீட்டர் பொருந்தாமல் போகிறது. இது இரண்டும் ஒரே சூட்டில் இருந்தால். வெயில் நேரே படுவது தகட்டின்மேல் என்பதால் உண்மையில் வித்தியாசம் இன்னும் கூடும். இரண்டையும் இறுக்கிக் கட்டியிருந்தால் தினமும் காலையும் மாலையும் ஒன்றையொன்று இழுத்து, தகடு புடைத்திருக்கும், அல்லது ஆணித் துளைகள் கிழிந்திருக்கும். காற்றுக்கும் இதே வழுக்கலும் வில்தன்மையும் உதவுகின்றன. 80 கிலோமீட்டர் காற்றில் சிலை ஏழெட்டு சென்டிமீட்டர் வரை அசையும். தீப்பந்தம் அதைவிட அதிகமாக, 12 சென்டிமீட்டருக்கு மேல் ஆடும். அப்படி ஆட இடம் விட்டுத்தான் கட்டியிருக்கிறார்கள்.

செம்பும் இரும்பும் ஈரத்தில் தொட்டுக்கொண்டிருந்தால் ஒரு சிறிய மின்கலம் உருவாகி இரும்பு அரிக்கப்படும். பாரிஸில் இருந்தவர்களுக்கு இது தெரியும். அதனால் சேணத்துக்கும் பட்டைக்கும் இடையே அரக்கு மெழுகில் ஊறிய ஆஸ்பெஸ்டாஸ் துணியைச் செருகினார்கள். ஆண்டுகள் போகப் போகத் துணி தேய்ந்து நைந்தது. பின்பு ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளவும் தொடங்கியது. உப்புக் காற்றோடு, தீப்பந்தத்தின் வழியாக மழைநீரும் கசிந்தது. 1916-இல் தீச்சுடரைத் துளைத்து நூற்றுக்கணக்கான கண்ணாடித் துண்டுகள் பதித்திருந்தார்கள், கசிவு அங்கிருந்து வந்தது. உள்ளே ஏறி வந்தவர்களின் மூச்சும் வியர்வையும்கூடச் சுவரில் நீராகப் படிந்தன. செம்பின் பரப்பு பெரிது, இரும்பின் பரப்பு சிறிது என்பதால் அரிப்பின் முழு வேகமும் இரும்பின்மேல் விழுந்தது.

துரு, தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும். சேணத்துக்குள் இருந்த பட்டை ஊதிப் பெருத்தது. வழுக்க வேண்டிய இடம் இறுகியது. எந்த இறுக்கத்தைத் தவிர்ப்பதற்காக ஆணி அடிக்காமல் விட்டார்களோ அதையே துரு செய்து முடித்தது. பெருத்த பட்டை சேணத்தை உள்ளே தள்ள, ரிவெட்டுகள் தகட்டிலிருந்து பிடுங்கிக்கொண்டு வந்தன. வெளியே நின்று பார்த்தவர்களுக்கு இதன் அடையாளம் தெரிந்தது. ரிவெட் விட்டுப்போன இடத்தில் சின்னத் துளைகள், பச்சை மேனியில் வழிந்த பழுப்புக் கறை, சேணங்களைச் சுற்றித் தகட்டில் புடைப்பு. செம்புத் தகடோ நூறு ஆண்டில் ஏறக்குறைய பத்தில் ஒரு மில்லிமீட்டர்தான் தேய்ந்திருந்தது. அதன்மேல் படிந்த பச்சைக் களிம்பே அதைக் காத்தது.

நூற்றாண்டு விழாவுக்கு முன், 1984 முதல் 1986 வரை, வலையாக ஓடிய பட்டைகள் ஏறத்தாழ எல்லாவற்றையும் மாற்றினார்கள். எண்ணிக்கை ஆயிரத்துக்கும் மேல். ஒரு பட்டையைப்போல் இன்னொன்று இல்லை. எல்லாவற்றையும் ஒரேயடியாகக் கழற்றினால் தகடு உருக்குலைந்துவிடும். ஆகவே ஒரே நேரத்தில் நான்கே நான்கு பட்டைகள், அவையும் ஒன்றுக்கொன்று தொலைவான இடங்களில், கழற்றப்பட்டன. பழையதை அச்சாக வைத்துப் புதியதை வளைத்து, அதே இடத்தில் மாட்டிய பிறகே அடுத்ததைத் தொட்டார்கள். புதிய உலோகம் துருப்பிடிக்காத எஃகு. அரிப்பைத் தாங்குவது மட்டுமே அதைத் தேர்ந்ததற்குக் காரணம் அல்ல. வளையும் தன்மையிலும் அது பழைய தேனிரும்புக்கு நெருங்கியது. இன்னும் விறைப்பான உலோகத்தைப் போட்டிருந்தால், அந்த இடம் அதிகப் பாரத்தைத் தன்மேல் இழுத்துக்கொண்டு, தகட்டில் புதிய இடத்தில் விரிசல் கண்டிருக்கும். வளைத்தபோது இறுகிய பட்டைகளை மின்சாரம் பாய்ச்சிப் பழுக்கச் சூடாக்கி, நீரில் தணித்து, மறுபடி இளக்கினார்கள். ஆஸ்பெஸ்டாஸ் இருந்த இடத்தில் டெஃப்லான் நாடா வந்தது. தோசைக்கல்லில் பூசுகிறார்களே, அதே பொருள்தான். ஈரம் ஏறாது, வழுக்கும்.

பட்டைகளை மாற்றியதால் தீராத ஒரு குறை வலது தோளில் இருந்தது. தீப்பந்தம் ஏந்திய கையின் சட்டகமும் தலையும் ஈஃபெலின் வரைபடத்தில் உள்ள இடத்தில் அமையவில்லை. தலை ஏறக்குறைய 60 சென்டிமீட்டர் விலகி நின்றது. அதனால் கையின் பாரம் கோபுரத்துக்கு நேராக இறங்காமல் சுற்றி வளைத்து இறங்கியது. காற்றில் கை ஆடும்போது கிரீடத்தின் கதிர் ஒன்று கையின் தகட்டில் உரசித் துளைத்தே விட்டது. தோளைப் பிரித்து ஈஃபெலின் வரைபடப்படி மறுபடி கட்டலாமா என்று யோசித்தார்கள். கடைசியில் இருந்த அமைப்பையே கூடுதல் எஃகால் வலுப்படுத்தினார்கள். கைக்குள் செல்லும் ஏணி 1916-லேயே பொதுமக்களுக்கு மூடப்பட்டது. பக்கத்து வெடிமருந்துக் கிடங்கு வெடித்துச் சிலை சேதமடைந்த ஆண்டு அது. இன்றும் பார்வையாளர்கள் பீடத்திலிருந்து 162 படி ஏறிக் கிரீடம் வரைதான் போகலாம். ஏறும்போது இருபுறமும் அங்கியின் மடிப்புகள் உள்பக்கமாகத் திரும்பித் தெரியும். மடிப்புக்கு மடிப்பு அந்தப் பட்டைகளும், அவற்றைச் சுற்றி வளைத்த சேணங்களும் கைக்கெட்டும் தூரத்தில் ஓடும்.