ஐந்து பாடம், இரண்டு எண்

ஒரு வகுப்பின் கணக்கு, அறிவியல் மதிப்பெண்களை எடுத்துக்கொள்வோம். கணக்கில் அதிகம் வாங்கியவர் பெரும்பாலும் அறிவியலிலும் அதிகம் வாங்கியிருப்பார். அப்படியானால் இரண்டாவது பத்தி புதிதாகச் சொல்வது கொஞ்சம்தான். இரு பாடங்களின் ஒட்டுறவு 0.8 என்றால், இரண்டையும் ஒரே அளவுக்குக் கொண்டுவந்து கூட்டிய ஒற்றை எண்ணே மாணவர்களுக்கிடையிலான வேறுபாட்டில் 90 சதவீதத்தைக் காட்டிவிடும். மீதி 10 சதவீதம் இரண்டின் கழித்தலில் இருக்கிறது. முதன்மைக் கூறு பகுப்பாய்வு செய்வது இதைத்தான்.

தமிழ், ஆங்கிலம், சமூக அறிவியலையும் சேர்த்தால், முதல் கூறு பெரும்பாலும் ஐந்தின் எடையிட்ட கூட்டல். இரண்டாவதில் கணக்கும் அறிவியலும் கூட்டல் குறியோடும், மொழிப்பாடங்கள் கழித்தல் குறியோடும் வரக்கூடும். மொத்தம் ஒன்றாக இருந்தும் சாய்வு வேறான இருவரை இது பிரித்துக் காட்டும். 1933இல் ஹெரால்டு ஹோட்டலிங் இம்முறையை விளக்க எடுத்ததும் பள்ளிப் பிள்ளைகளின் வாசிப்பு, கணக்குத் தேர்வு மதிப்பெண்களையே. நாற்பது கேள்விக் கருத்துக்கணிப்பைச் சில எண்களாகச் சுருக்குவதும் இப்படித்தான்.

ஒரு பாடத்துக்கு மட்டும் 200 மதிப்பெண் என்றால், அளவைச் சமன்படுத்தாவிட்டால் அதுவே முதல் கூறை விழுங்கிவிடும். அந்தப் பாடத்தின் எடை மட்டும் துருத்திக்கொண்டு நின்றால் சந்தேகப்படுங்கள். பத்திகளுக்குள் ஒட்டுறவே இல்லையென்றால் சுருக்க எதுவுமில்லை. கூறுக்குப் பெயர் வைப்பதோ நாம். முதல் கூறுக்கு ‘புத்திசாலித்தனம்’ என்று பெயரிட்டால், அது கணக்கு சொன்னதல்ல.